வெண்பொங்கல் 200 கிராம் என்றால், ஒரு குக்கர் பொங்கல் எத்தனை பங்கு?

கேள்வி: "அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த அட்டவணையில் காலையில் வெண்பொங்கல் 200 கிராம் என்று இருக்கிறது. நான் வைப்பது கப் கணக்கில்: 1 கப் பச்சரிசி, அரை கப் பாசிப்பருப்பு, 5 கப் தண்ணீர், 4 டேபிள்ஸ்பூன் நெய். சமையல் குறிப்பில் '4 பேருக்கு' என்று போட்டிருக்கிறார்கள். 200 கிராம் வீதம் வைத்தால் எத்தனை பேருக்கு வரும்? ஒரு கப் 240 கிராம் என்று வைத்துக் கணக்குப் போடலாமா?"

பொங்கல் வெந்து, தாளித்துக் கொட்டிக் கிளறியான பிறகு, மொத்தப் பொங்கலும் எத்தனை கிராம் இருக்கிறது என்று தராசில் பாருங்கள். அதை 200-ஆல் வகுத்தால் வருவதுதான் பங்கு. நீங்கள் சொன்ன அளவுக்குச் சுமார் 1,480 கிராம் பொங்கல் வரும். அதாவது 7 பங்கு, அதற்கு மேல் இரண்டு மூன்று வாய் மிச்சம். ஒரு கப்பை 240 கிராம் என்று வைக்க வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

குறிப்பில் இருக்கும் '4 பேருக்கு' என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 1,480 கிராமை நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 370 கிராம் வருகிறது. குறிப்பு எழுதியவர் ஒரு ஆள் வயிறாரச் சாப்பிடும் அளவை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அதில் தவறில்லை. ஆனால் அப்பாவுக்குச் சொன்ன அளவைப் போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த '4'-ஐ நம்பிக் கால் பங்கு பொங்கலை அவர் தட்டில் வைத்தால், 200 கிராம் என்று அட்டவணையில் எழுதியதற்கே பொருள் இல்லாமல் போகும்.

முதலில் நிறுக்கும் வேலை. பொங்கலை வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியதில்லை, குக்கரோடேயே நிறுக்கலாம். அதற்குக் காலிக் குக்கரின் எடை தெரிந்திருக்க வேண்டும். சமைக்கத் தொடங்கும் முன்பே, மூடி, கேஸ்கெட், வெயிட் எதுவும் இல்லாமல் வெறும் குக்கரை மட்டும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சமைத்து முடித்ததும் அதே மாதிரி மூடியில்லாமல் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பொங்கல். ஒரு 5 லிட்டர் அலுமினியக் குக்கர் 1,340 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பொங்கலோடு 2,820 கிராம் காட்டினால், 2,820-இல் 1,340 போக 1,480. குக்கரின் எடை மாறப்போவதில்லை, அதனால் ஒருமுறை பார்த்து அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டால் போதும். நான் அடிக்கடி எடுக்கும் பாத்திரங்கள் எல்லாவற்றின் காலி எடையையும் அப்படித்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். பாதிச் சமையலில் 'ஐயோ, காலிப் பாத்திரத்தை நிறுக்கவில்லையே' என்று நிற்க வேண்டியதில்லை.

வீட்டில் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு பெரும்பாலும் 5 கிலோ வரைக்கும்தான் தாங்கும். மேலே சொன்ன குக்கருக்கு அது தாராளம். ஆனால் எவர்சில்வர் குக்கர் கனமானது. அதில் நிறையச் சமைத்தால் எல்லையைத் தொட்டுவிடும், தராசு எண்ணுக்குப் பதில் பிழை என்று காட்டும். அப்போது ஒரு பேசினைத் தராசில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிக்கொண்டு, பொங்கலை இரண்டு மூன்று தடவையாக அதில் எடுத்து நிறுத்துக் கூட்டிக்கொள்ளலாம். சூடான குக்கரை நேராகத் தராசின் மேல் வைக்காதீர்கள். கண்ணாடித் தட்டு விரிசல் விடலாம், பிளாஸ்டிக் என்றால் இளகும். சூடு உள்ளே இறங்கினால் எண்ணும் நிலையில்லாமல் ஆடும். சப்பாத்திப் பலகையைக் கவிழ்த்துத் தராசின் மேல் வைத்து, பூஜ்யமாக்கி, அதன் மேல் குக்கரை வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. பலகையால் குக்கர் கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் கைப்பிடி எண்ணை மறைக்காமலும் இருக்கும்.

தராசு சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால், பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். கவரின் எடையோடு ஆயிரத்துக்குச் சில கிராம் கூடக் காட்ட வேண்டும். ஐந்து பத்து கிராம் முன்பின்னாக இருந்தால் நம் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. ஐம்பது கிராம் தள்ளிக் காட்டினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

இப்போது 1,480 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இது தெரிந்தால் அடுப்பு பற்ற வைக்கும் முன்பே எத்தனை பங்கு வரும் என்று உங்களால் சொல்ல முடியும். 240 மில்லி கப்பில் தலைதட்டி எடுத்த பச்சரிசி சுமார் 200 கிராம். அரை கப் பாசிப்பருப்பு சுமார் 100 கிராம். 5 கப் தண்ணீர் 1,200 கிராம். தண்ணீருக்கு மட்டும் மில்லியும் கிராமும் ஒன்றுதான். 4 டேபிள்ஸ்பூன் நெய் 60 மில்லி, எடையில் 55 கிராம். முந்திரி ஒரு கைப்பிடி 20 கிராம். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து ஒரு 25 கிராம். மொத்தம் 1,600 கிராம் உள்ளே போகிறது.

உள்ளே போன எடையில் ஆவியாகப் போனது தவிர வேறெதுவும் வெளியே போகவில்லை. அரிசி தண்ணீரை இழுத்துப் பருப்பதால் எடை கூடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அரிசியின் எடை கூடுகிறது, உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீரை நாம் ஏற்கெனவே கணக்கில் எழுதிவிட்டோம். ஆகவே மொத்தத்தில் கூடுவதற்கு இடமே இல்லை, குறையத்தான் செய்யும். குக்கரில் நாலைந்து விசிலில் போகும் ஆவி, திறந்ததும் எழும் ஆவி, தாளித்துக் கிளறும்போது போவது எல்லாம் சேர்த்து 120 கிராம் என்று எடுத்திருக்கிறேன். 1,600-இல் 120 போனால் 1,480. உங்கள் குக்கரில் இது 80 ஆகவும் இருக்கலாம், 180 ஆகவும் இருக்கலாம். வெயிட் எவ்வளவு நேரம் ஆவியை விடுகிறது, தீ எப்படி என்பதைப் பொறுத்தது அது. ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் உங்கள் குக்கரின் இழப்பு தெரிந்துவிடும். அப்புறம் அதே தீ, அதே விசில் என்றால் பெரிதாக மாறாது.

இதே பொங்கலை வெண்கலப் பானையில் திறந்து வைத்துக் கிளறினால் கதை வேறு. அரைமணி நேரம் கொதிப்பதில் இழப்பு குக்கரைப் போல இரண்டு மூன்று மடங்கு போகும், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீரும் ஊற்றுவோம். அங்கே முன்கூட்டிக் கணக்குப் போடுவது வீண் வேலை. இறக்கியபின் நிறுப்பது ஒன்றுதான் வழி.

கப் விஷயத்துக்கு வருகிறேன். கப் என்பது இடத்தை அளப்பது, கிராம் என்பது எடை. 240 என்ற எண் கப்பின் கொள்ளளவு மில்லியில். அதைக் கிராம் என்று எடுத்துக்கொண்டால் தண்ணீருக்கு மட்டும் சரியாக வரும். அதே கப்பில் பச்சரிசி 200 கிராம். பொலபொலவென்று வடித்த சாதம் சுமார் 160 கிராம், ஏனென்றால் பருக்கைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. பொரியை அதே கப்பில் அள்ளினால் 15 கிராம்கூட நிற்பது கஷ்டம். எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். நெய்யும் கிட்டத்தட்ட அதே கணக்குதான், அதனால்தான் 60 மில்லி நெய்யை 55 கிராம் என்று எழுதினேன்.

வெண்பொங்கலில் ஒரு விசேஷம் உண்டு. குழைய வெந்த பொங்கலில் காற்றுக்கு இடமில்லாததால், ஒரு கப் பொங்கல் 240, 250 கிராம் நிற்கும். அதனால் நீங்கள் கேட்ட '240 கிராம்' தற்செயலாக வெந்த பொங்கலுக்குப் பொருந்திப்போகும். தராசு கைவசம் இல்லாத நாளில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்: முக்கால் கப்புக்குச் சற்று மேலே எடுத்தால் 200 கிராம். ரசம், சாம்பார், பாயசம், கஞ்சி போன்றவற்றுக்கும் இது ஓரளவு சரி. ஆனால் அதே பழக்கத்தில் உப்புமாவையோ எலுமிச்சை சாதத்தையோ கப்பால் அளந்து 240 கிராம் என்று எழுதினால், மூன்றில் ஒரு பங்குவரை தப்பாகும். உதிரியாக இருக்கும் எதையும் கப்பால் அளக்காதீர்கள். அழுத்தி அள்ளினால் ஒரு எடை, அழுத்தாமல் அள்ளினால் ஒரு எடை.

கப்பிலும் எல்லாம் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். கடையில் செட்டாக விற்கும் கப் பெரும்பாலும் 240 அல்லது 250 மில்லி. மின்சார ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப் 180 மில்லி. அதில் ஒரு கப் அரிசி எடுத்துவிட்டுத் தண்ணீருக்கு மட்டும் பெரிய கப்பை எடுத்தால், பொங்கல் கஞ்சியாகிவிடும், பங்குக் கணக்கும் உங்கள் குறிப்போடு ஒட்டாது. ஒருமுறை உங்கள் கப்பில் அரிசியையும் பருப்பையும் எடுத்து நிறுத்து, அந்தக் கிராமைக் குறிப்பில் கப்புக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கில் நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது தண்ணீரை. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

தராசு அரிசியை மட்டும் நிறுப்பதில்லை, தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறது. நீங்கள் 5 கப்புக்குப் பதில் 6 கப் தண்ணீர் வைத்தால், பொங்கல் 1,720 கிராம் வரும். 200-ஆல் வகுத்தால் 8.6 பங்கு. 4 கப் வைத்துக் கெட்டியாக இறக்கினால் 1,240 கிராம், 6.2 பங்கு. அரிசியும் பருப்பும் மூன்றிலும் அதே அளவுதான். அரிசியில் நூற்றுக்கு 78 பங்கும் பாசிப்பருப்பில் நூற்றுக்கு 53 பங்கும் மாவுச்சத்து என்று எடுத்தால், ஒரு குக்கர் பொங்கலில் மொத்தம் சுமார் 210 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கெட்டிப் பொங்கலில் 200 கிராம் எடுத்தால் அதில் 34 கிராம் மாவுச்சத்து. உங்கள் 5 கப் பொங்கலில் 28. தளர்ந்த பொங்கலில் 24. மூன்று தட்டிலும் தராசு 200 என்றுதான் காட்டும், ஆனால் முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் 10 கிராம் மாவுச்சத்து வித்தியாசம். சர்க்கரை நோயாளிக்கு அது கணக்கில் எடுக்க வேண்டிய வித்தியாசம். நெய்யும் அப்படியே, கெட்டிப் பொங்கலில் ஒரு பங்குக்கு 9 கிராம் வரும், தளர்ந்ததில் ஆறரை.

ஆகவே தண்ணீர் அளவை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தளர்வாகவும் ஒருநாள் கெட்டியாகவும் வைத்துவிட்டு இரண்டு நாளும் 200 கிராம் கொடுத்தேன் என்றால், இரண்டு நாளும் ஒரே சாப்பாடு கொடுத்ததாக ஆகாது. டயட்டீஷியனிடம் அடுத்த தடவை போகும்போது, '1 கப் அரிசி, அரை கப் பருப்பு, 5 கப் தண்ணீர், இறக்கியதும் 1,480 கிராம், அதில் 200' என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் 200 கிராம் என்று சொல்வதைவிட அது அவருக்குப் பல மடங்கு உதவும். ஒரு பங்கில் 27 கிராம் அரிசியும் 13, 14 கிராம் பருப்பும் போகிறது என்று அவரே பார்த்துக்கொள்வார், கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்றால் சொல்வார்.

இதிலேயே இன்னொன்று. பொங்கல் ஆற ஆற இறுகிப்போகும். காலையில் ஏழு மணிக்கு இறக்கியது எட்டரைக்கு அப்பா சாப்பிட உட்காரும்போது கட்டியாகியிருக்கும். நாம் என்ன செய்வோம்? அரை டம்ளர் வெந்நீரை ஊற்றிக் கிளறி இளக்குவோம். இறுகியதால் எடை குறைவதில்லை. தண்ணீர் அரிசிக்குள்ளேயேதான் இருக்கிறது, மூடி வைத்திருந்தால் ஆவியாகப் போவதும் மிகக் கொஞ்சம். ஆனால் ஊற்றிய வெந்நீர் எடையைக் கூட்டும். யாரும் தொடும் முன் முழுப் பொங்கலிலும் 150 கிராம் வெந்நீர் சேர்த்திருந்தால் மொத்தம் 1,630. இப்போது பழைய 200 கிராமுக்குச் சமமான பங்கு 220 கிராம். 200-லேயே நிறுத்தினால் அப்பாவுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைவாகப் போகும். இன்சுலினோ மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடுகிறவருக்குக் குறைவாகப் போவதும் நல்லதல்ல, சர்க்கரை தாழ்ந்துவிடலாம். இதற்குச் சுலபமான வழி, பொங்கலை இறக்கிய சூட்டிலேயே அப்பாவின் 200 கிராமைத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவது. சாப்பிடும் நேரத்தில் அதில் மட்டும் வெந்நீர் விட்டுக் கிளறினால், கணக்கு எதுவும் மாறாது.

நெய்யைக் கடைசியில் மேலாக ஊற்றுகிற பழக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். தாளிப்பைக் கொட்டி நன்றாகக் கிளறிய பிறகுதான் நிறுக்க வேண்டும், கிளறிய பிறகுதான் பங்கு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் எடுக்கிறவர் தட்டில் முந்திரியும் நெய்யும், கடைசியில் எடுக்கிறவர் தட்டில் வெறும் குழைந்த அரிசி. கிராம் இருவருக்கும் ஒன்றுதான் காட்டும். சாம்பாரில் இது இன்னும் மோசம். மேலாகத் தெளிவை மொண்டால் 150 கிராம், அடியிலிருந்து பருப்பும் காயுமாக மொண்டாலும் 150 கிராம். அடியிலிருந்து கலக்கிவிட்டு ஊற்றினால்தான் அந்த 150-க்கு அர்த்தம்.

குக்கரின் அடியில் ஒட்டிக்கொண்டது வேறு இருக்கிறது. பரிமாறி முடித்ததும் கழுவும் முன் குக்கரை நிறுத்துப் பாருங்கள். 1,340-க்குப் பதில் 1,380 காட்டினால், 40 கிராம் யார் தட்டுக்கும் போகவில்லை. அப்படியானால் பரிமாறக் கிடைப்பது 1,440, பங்கு 7.2. வீட்டுக்கு இது பெரிய விஷயமில்லை. அடிபிடித்துவிட்டது என்றால் அந்தப் பகுதியைக் கட்டாயம் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, 7.4 பங்கு என்று வந்தால் என்ன செய்வது? எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எத்தனை பேரைச் சாப்பிட உட்கார வைக்கலாம் என்றால் 7 என்று கீழாக முடித்துக்கொள்ளுங்கள், 80 கிராம் மிஞ்சும். சத்துக் கணக்கு போடுவதாக இருந்தால் 7.4-ஐ அப்படியே வையுங்கள். அரிசியையும் நெய்யையும் 7-ஆல் வகுத்துவிட்டுத் தட்டில் 200 கிராம் வைத்தால், தாளில் இருப்பதும் தட்டில் இருப்பதும் வேறுவேறாகிவிடும். மிச்சமே வேண்டாம், ஏழு பேருக்குச் சமமாகப் பிரிக்கிறேன் என்றால் ஆளுக்கு 211 கிராம். மற்றவர்களுக்கு அது போதும், அப்பாவுக்கு மட்டும் 200-ஐ நிறுத்து வையுங்கள்.

தினமும் தராசை எடுக்க அலுப்பாக இருந்தால், உங்கள் பொங்கல் கரண்டியால் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டு நிறுங்கள். நாலைந்து கரண்டி தனித்தனியாகப் போட்டு நிறுத்துப் பார்த்தால் சராசரி கிடைக்கும். 100 கிராம் சுற்றி வந்தால் அப்பாவுக்கு இரண்டு கரண்டி என்று வைத்துக்கொள்ளலாம். கரண்டி மாறினால் மறுபடி பார்க்க வேண்டும், பொங்கலின் பதம் மாறினாலும் அப்படியே. கெட்டிப் பொங்கல் கரண்டியில் குவிந்து நிற்கும், தளர்ந்தது வழிந்து தலைதட்டாகிவிடும்.

அட்டவணையில் இருக்கும் கிராம் வெந்ததா, வேகாததா என்பதையும் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பொங்கல் 200 கிராம் என்றால் வெந்ததுதான், அதில் குழப்பம் வராது. வேகாத அரிசி பருப்பு 200 கிராம் என்று எடுத்தால் ஒரே ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ பொங்கல் ஆகிவிடும், பார்த்ததுமே தெரிந்துவிடும். குழப்பம் வருவது அதே அட்டவணையில் மதியத்துக்கு 'அரிசி 50 கிராம்' என்றோ 'சாதம் 100 கிராம்' என்றோ எழுதியிருக்கும் இடத்தில். 50 கிராம் அரிசி வெந்தால் 125-இலிருந்து 150 கிராம் சாதம் ஆகும். அரிசி என்று எழுதியதைச் சாதமாக எடுத்து 50 கிராம் வைத்தால் ஒரு பிடி சோறுதான் வரும். சாதம் என்று எழுதியதை அரிசியாக எடுத்தால் அளவு மூன்று மடங்காகிவிடும்.

பாக்கெட்டில் வாங்கும் பொங்கல் மிக்ஸ், உப்புமா மிக்ஸ் போன்றவற்றில் ஒரு சர்விங் இத்தனை கிராம் என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் உலர்ந்த மிக்ஸின் எடை. 200 கிராம் பாக்கெட்டில் ஒரு சர்விங் 50 கிராம் என்றால் 4 சர்விங், அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மாறாது. வெந்தபின் நிறுத்து 50-ஆல் வகுத்தால் 15, 16 என்று வரும், அது தப்பு. அங்கே வேறுமாதிரிச் செய்ய வேண்டும்: முழுப் பாக்கெட்டையும் சமைத்து, வெந்ததை நிறுத்து, 4-ஆல் வகுத்தால் ஒரு சர்விங்குக்கு வெந்த எடை எவ்வளவு என்று கிடைக்கும்.

வீட்டில் விசேஷம், 12 பேருக்கு 200 கிராம் வீதம் வேண்டும் என்றால், 2,400 கிராம் பொங்கல் தேவை. 2,400-ஐ 1,480-ஆல் வகுத்தால் 1.62. அரிசி 324 கிராம், பருப்பு 162 கிராம், நெய் 90 கிராம் என்று எல்லாவற்றையும் அதே மடங்கில் கூட்டிக்கொள்ளலாம், தண்ணீரை மட்டும் அப்படியே பெருக்கக் கூடாது. 1,200-ஐ 1.62-ஆல் பெருக்கினால் 1,944 வரும். ஆனால் பொருள் கூடினால் ஆவி இழப்பும் அதே மடங்கில் கூடுவதில்லை; அதே குக்கர், அதே விசில் என்றால் முன்பு போன 120 கிராமோ அதற்குச் சற்று மேலோதான் போகும். அதனால் ஒரு 75 கிராம் தண்ணீர் கூடுதலாகத் தங்கி, பொங்கல் கொஞ்சம் தளர்ந்துபோகும். 1,870 கிராம் ஊற்றினால் பழைய பதம் கிடைக்கும். 5 லிட்டர் குக்கரில் இது ஏறக்குறையப் பாதி உயரத்துக்கு வந்து நிற்கும். அரிசி பருப்பு பொங்கி நுரைப்பவை, பாதிக்கு மேல் நிரப்பினால் நுரை வெயிட்டுக்குள் ஏறி அடைக்கும். பன்னிரண்டு பேருக்கு மேல் என்றால் பெரிய குக்கர் எடுங்கள், அல்லது இரண்டு ஈடாக வையுங்கள். இரண்டு ஈடாக வைத்தால் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலந்து, அதன்பிறகு நிறுத்து வகுத்துக்கொள்ளுங்கள்.